காத்திருப்பின் விலை

ஏஎம்டி நிறுவனம் 2024இல் சில மாத இடைவெளியில் இரண்டு செயலிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் வந்த ரைசன் 7 9700X அறிமுகமானபோது 359 டாலர். நவம்பரில் வந்த ரைசன் 7 9800X3D 479 டாலர். இரண்டிலும் எட்டு உள்ளகங்கள், இரண்டிலும் ஒரே ஜென் 5 கட்டமைப்பு. உச்சக் கடிகார வேகத்தைப் பார்த்தால் விலை குறைந்த செயலிதான் முந்துகிறது. அது 5.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். விலை கூடியது 5.2இல் நின்றுவிடும். உச்ச வேகம் குறைந்த பொருளுக்கு 120 டாலர் அதிகம் கேட்டார்கள், கணினி விளையாட்டு ஆர்வலர்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். அந்த 120 டாலர் முக்கியமாக ஒரே ஒரு வேறுபாட்டுக்கானது. முதல் செயலியில் மூன்றாம் அடுக்கு கேஷ் நினைவகம் 32 மெகாபைட், இரண்டாவதில் 96 மெகாபைட். கூடுதலான அந்த 64 மெகாபைட் சாதாரண விளையாட்டாளருக்கு அந்த விலைக்கு ஈடான எதையாவது தருகிறதா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கேஷ் எதற்காக என்பதிலிருந்து தொடங்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு ஒரு துடிப்பு என்பது 0.2 நானோவினாடி. அந்த நேரத்துக்குள் அது ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை முடித்துவிடும். கணக்குக்கு வேண்டிய எண் ரேமில் இருந்தால், அது வந்து சேர இன்றைய மேசைக் கணினிகளில் ஏறத்தாழ 70 முதல் 80 நானோவினாடி பிடிக்கும். அதாவது 350 முதல் 400 துடிப்புகள். அவ்வளவு நேரமும் அந்த எண்ணை நம்பியிருக்கும் வேலை நின்றுவிடுகிறது. சமையல்காரரின் கை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், உப்பு தெருமுனைக் கடையிலிருந்து வர வேண்டியிருந்தால் அடுப்பு காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் அடிக்கடி தேவைப்படுவதைச் செயலிக்குள்ளேயே சிறு பெட்டிகளில் வைத்துக்கொள்கிறார்கள். முதல் அடுக்குப் பெட்டி மிகச் சிறியது, சில துடிப்புகளிலேயே பதில் சொல்லும். மூன்றாம் அடுக்கு பெரியது. எல்லா உள்ளகங்களுக்கும் பொதுவானது. ஏறக்குறைய 50 துடிப்புகளில், அதாவது 10 நானோவினாடியில், பதில் தரும். தேடியது அங்கே கிடைத்துவிட்டால் காத்திருப்பு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாச் செயலியிலும் ஏன் பெரிதாக வைப்பதில்லை? கேஷில் ஒவ்வொரு பிட்டையும் தாங்கிக்கொள்ள ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். 64 மெகாபைட்டுக்கு, தரவைத் தாங்கும் பகுதிக்கு மட்டுமே, 300 கோடிக்கும் அதிகமான டிரான்சிஸ்டர்கள் தேவை. கணக்குப் போடும் சுற்றுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. கேஷின் சேமிப்புக் கலங்களோ அண்மைக் காலத்தில் சுருங்க மறுக்கின்றன. ஆகவே ஏஎம்டி அதை அகலமாகப் பரப்பாமல் மாடியாகக் கட்டியது. 2022 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த ரைசன் 7 5800X3Dயில், செயலிச் சில்லின் மேல் சுமார் 41 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள இன்னொரு சில்லை வைத்து, இடையில் ஈயப்பற்று எதுவும் இல்லாமல் செம்போடு செம்பு நேராகச் சேரும்படி ஒட்டினார்கள். கூடுதல் சில், அதைத் தேய்த்து மெலிதாக்கும் வேலை, ஒட்டும் வேலை என ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. வெப்பத்தின் விலை வேறு. மேலே போர்த்திய சில் அடியிலிருக்கும் உள்ளகங்களின் சூட்டை வெளியேற விடாமல் தடுத்ததால் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. 9800X3Dயில் கேஷை உள்ளகங்களுக்கு அடியில் வைத்து அடுக்கைத் தலைகீழாக்கிய பிறகுதான் அந்தக் குறை பெருமளவு நீங்கியது.

கேஷ் பெரிதானால் எல்லா வேலையும் வேகமாகிவிடாது. ஒரு காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது தரவு வரிசையாக வருகிறது. அடுத்து எது வேண்டும் என்பது செயலிக்கு முன்பே தெரியும். ரேமிலிருந்து முன்கூட்டியே வரவழைத்துக்கொள்ளும். பெரிய கேஷ் அங்கே சும்மா கிடக்கிறது, குறைந்த கடிகார வேகம் மட்டுமே உறைக்கிறது. விளையாட்டுகளின் இயல்பு வேறு. ஒரு போர்வீரன் எங்கே நிற்கிறான் என்பது ஓரிடத்தில் இருக்கும், அவன் கையிலுள்ள ஆயுதம் இன்னோரிடத்தில், அந்த ஆயுதத்தின் பண்புகள் மூன்றாவது இடத்தில். ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது எங்கே என்பதே தெரியும். இப்படி ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தொட்டு வர வேண்டும். முன்கூட்டியே ஊகிக்க வழியில்லாததால் கேஷில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ரேம் வரை போய்வர வேண்டும். ஆகவே விளையாட்டுக்கான செயலி என்ற பெயர் வெறும் விளம்பரம் இல்லை. அதன் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது.

பயன் எவ்வளவு என்பதைக் காகிதத்திலேயே ஓரளவு கணித்துவிடலாம். கேஷின் அளவு கூடும்போது, தேடியது கிடைக்காமல் போகும் தடவைகள் அந்த அளவின் வர்க்கமூல விகிதத்தில் குறையும் என்பது செயலி வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராய விதி. கேஷ் மூன்று மடங்கானால், தவறுதல்கள் மூன்றின் வர்க்கமூலத்தால் வகுபட்டு 58 சதவீதமாகும். ஒரு விளையாட்டில் ஒரு ஃப்ரேமுக்கான வேலையைச் செயலி 8 மில்லிவினாடியில் முடிக்கிறது என்றும், அதில் 3 மில்லிவினாடி ரேமுக்காகக் காத்திருப்பது என்றும் வைத்துக்கொள்வோம். பெரிய கேஷ் வந்தால் அந்த 3 என்பது 1.74 ஆகும், மொத்தம் 6.74. நொடிக்கு 125 ஃப்ரேம் என்றிருந்தது 148 ஆகிவிடும். ஏறத்தாழ 18 சதவீத உயர்வு. 5800X3Dயை அறிமுகப்படுத்தியபோது, தன் முந்தைய உயர்நிலைச் செயலியான 5900Xஐவிட விளையாட்டுகளில் சராசரியாக 15 சதவீதம் வேகம் என்று ஏஎம்டி சொன்ன கணக்கும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. சில விளையாட்டுகளில் இதைவிடப் பெரிய உயர்வு வரும், சிலவற்றில் எதுவுமே வராது. காத்திருக்கும் பங்கு விளையாட்டுக்கு விளையாட்டு மாறுவதே அதற்குக் காரணம்.

இதுவரை செயலிக்குள் நடப்பதை மட்டும் பார்த்தோம். திரையில் ஒரு ஃப்ரேம் வர இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, யார் யாரைச் சுட்டார்கள், எதை வரைய வேண்டும் என்பதைச் செயலி முடிவு செய்து வேலைப் பட்டியலாக அனுப்புகிறது. அதை வாங்கிப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. கார்டு ஒரு ஃப்ரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே செயலி அடுத்த ஃப்ரேமின் கணக்கில் இறங்கிவிடும். ஆகவே இருவரின் நேரமும் கூட்டப்படுவதில்லை. யார் மெதுவோ அவரே வேகத்தைத் தீர்மானிக்கிறார். மேலே சொன்ன விளையாட்டை ஒரு நடுத்தரக் கார்டு ஃப்ரேமுக்கு 11 மில்லிவினாடியில் வரைகிறது என்று கொள்ளுங்கள். செயலி 8 மில்லிவினாடியில் முடித்தாலும் நொடிக்கு 91 ஃப்ரேம்தான், 6.74இல் முடித்தாலும் அதே 91தான். ரேமுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமானது உண்மை. மிச்சமான நேரத்தைச் செயலி கார்டுக்காகக் காத்திருப்பதில் கழிக்கிறது, அவ்வளவே. அதே இடத்தில் 4 மில்லிவினாடியில் வரைந்து முடிக்கும் ஓர் உச்சநிலைக் கார்டு இருந்தால் 125க்கும் 148க்கும் உள்ள வேறுபாடு முழுமையாகத் திரையில் தெரியும். கேஷின் பயன் கார்டைப் பொறுத்து முழுதாக இருக்கிறது, குறைகிறது, அல்லது இல்லாமலே போகிறது.

செயலிச் சோதனைகளின் வரைபடங்களைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். சோதனையாளர்கள் பெரும்பாலும் RTX 4090, RTX 5090 போன்ற கார்டுகளைப் பொருத்தி 1080p ரெசல்யூஷனில் ஓட்டுகிறார்கள். 4090 அறிமுக விலை 1,599 டாலர், 5090 விலை 1,999 டாலர். அந்த முறையில் தவறு கிடையாது. செயலிகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் கார்டு குறுக்கே நிற்கக் கூடாது. தராசில் கை பட்டுவிடக் கூடாது என்பதைப் போன்றது அது. ஆனால் அந்த வரைபடம் சொல்வது செயலியின் திறனை. வாங்குபவரின் திரையில் வரப்போகும் எண்ணிக்கையை அது சொல்வதில்லை. ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பைப் பார்த்தால், முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் எண் 60இல் முடியும் என்விடியா கார்டுகளும் மடிக்கணினிக் கார்டுகளும்தான். அத்தகைய கார்டு வைத்திருப்பவரே சாதாரண விளையாட்டாளர். 2,000 டாலர் கார்டை வைத்து எடுத்த அளவை அவர் கணினிக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

அவர் 850 டாலர் அளவில் செயலியும் கார்டும் வாங்கப் போகிறார் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். எல்லாம் அறிமுக விலைகள். முதல் வழி: 479 டாலர் 9800X3Dயும் 379 டாலர் RTX 5060 Ti 8 ஜிபி கார்டும். மொத்தம் 858. இரண்டாவது வழி: ஆறு உள்ளகங்கள் கொண்ட 279 டாலர் ரைசன் 5 9600Xஉம் 549 டாலர் RTX 5070உம். மொத்தம் 828, அதாவது 30 டாலர் குறைவு. 5070இல் கணக்கிடும் உள்ளகங்கள் 6,144. 5060 Tiயில் 4,608. நினைவகத்துக்கான அகலப்பாதை ஒன்றரை மடங்கு. நினைவகம் 8 ஜிபிக்குப் பதில் 12 ஜிபி. நமது எடுத்துக்காட்டு விளையாட்டில் 5060 Ti 11 மில்லிவினாடி எடுத்தால், 5070 ஏறத்தாழ 8.5இல் முடித்துவிடும். முதல் வழியில் 91 ஃப்ரேம், இரண்டாவது வழியில் 118. இரண்டாவது வழியில் செயலி சிறிய கேஷோடுதான் இருக்கிறது. ஆனாலும் அது 8 மில்லிவினாடியில் வேலையை முடித்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருக்கிறது. குறைவான பணத்தில் கூடுதலான ஃப்ரேம்கள், அதோடு படத் தரத்தையும் உயர்த்திக்கொள்ளலாம். நடுத்தர வரவுசெலவில் பெரிய கேஷ் தோற்பது இந்தக் கணக்கில்தான். அது மோசமான பொருள் என்பதால் தோற்கவில்லை. அதே பணம் வேறிடத்தில் அதிகம் வேலை செய்வதால் தோற்கிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: சராசரி ஃப்ரேம் எண்ணிக்கையைப் பார்க்காதே, திடீர்த் தடங்கல்களைப் பார் என்பது. நூறு ஃப்ரேம்களில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு மெதுவு என்பதையே கண் உணர்கிறது. பெரிய கேஷ் அந்த மெதுவான ஃப்ரேம்களைத்தான் அதிகம் தூக்கிவிடுகிறது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. சராசரியில் கார்டு மெதுவாக இருந்தாலும், கூட்டம் நிறைந்த நகரத்துக்குள் நுழையும் கணத்தில் செயலியின் வேலை சட்டென்று ஏறி அதுவே மெதுவானதாகிவிடலாம். அந்தக் கணங்களில் கேஷ் உதவும். ஆனால் இன்றைய விளையாட்டுகளில் எரிச்சலூட்டும் தடங்கல்களில் பெரும் பகுதி வேறு இடங்களிலிருந்து வருகிறது. விளையாடும்போதே ஷேடர் நிரல்களைத் தொகுப்பது ஒன்று. வட்டிலிருந்து புதிய நிலப்பரப்பை இழுத்து வருவது ஒன்று. கார்டின் நினைவகம் நிரம்பி, படத் துணுக்குகள் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலைவது மற்றொன்று. இவற்றில் கடைசி நோய்க்கு மருந்து 12 ஜிபி கார்டுதான். 96 மெகாபைட் கேஷ் அந்த இடத்தை நிரப்பாது.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. இப்போது பல விளையாட்டுகள் முழு ரெசல்யூஷனில் வரைவதில்லை. டிஎல்எஸ்எஸ் போன்ற நுட்பங்கள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பிறகு பெரிதாக்குகின்றன. 4K திரையில் அதன் பெர்ஃபார்மன்ஸ் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் உண்மையில் வரையப்படுவது 1080p படம்தான். கார்டின் சுமை குறையும்போது செயலியின் வேகக் குறைவே வெளியே தெரியும். இந்த வாதம் சரிதான். 4K என்றாலே செயலி எதுவானாலும் ஒன்றுதான் என்று சொல்பவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர் மிச்சமான நேரத்தைப் பெரும்பாலும் சேமித்து வைப்பதில்லை. ஒளிக்கதிர்த் தடம் பின்பற்றும் அமைப்பை இயக்குகிறார், நிழல்களைக் கூட்டுகிறார், சுமை மறுபடியும் கார்டின் தலையில் ஏறுகிறது. அப்படிச் செய்யாமல் ஃப்ரேம் எண்ணிக்கைக்காக மட்டுமே அதைப் பயன்படுத்துபவருக்குத்தான் இந்த மறுப்பு முழுமையாகப் பொருந்தும்.

மூன்றாவது மறுப்பே அதிகம் காதில் விழுவது: செயலி ஒருமுறை வாங்குவது, கார்டு இடையில் மாறும், நாளைய கார்டுக்கு இன்றே தயாராக இருந்துவிடலாம். ஏஎம்டியின் சொந்த வரலாறே இதற்கு எதிர்ச்சான்று. 2017இல் முதல் ரைசன் செயலியோடு ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், ஐந்து ஆண்டுக்குப் பிறகு பயாஸை மட்டும் புதுப்பித்து அதே பலகையில் 5800X3Dயைப் பொருத்திக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் அதே குடும்பத்தில் 5700X3D 249 டாலருக்கே வந்தது. முன்கூட்டியே விலை கொடுக்காமல், தேவை வந்தபோது வாங்கியவர்கள் லாபம் பார்த்தார்கள். இன்றைய ஏஎம்5 பலகைகளுக்கும் 2027 வரையாவது புதிய செயலிகள் வரும் என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்று சிறிய கேஷ் செயலியோடு நல்ல கார்டை வாங்கி, கார்டை மாற்றும் நாளில் செயலி பின்தங்கினால் அப்போது பெரிய கேஷுக்குப் போவதே மலிவான வழி. ஏற்கெனவே பழைய பலகை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அவருக்குப் பெரிய கேஷ் செயலி என்பது புதிய மதர்போர்டும் புதிய ரேமும் வாங்காமல் தப்பிக்கும் வழி. அதன் விலையை அந்தச் சேமிப்போடு ஒப்பிட வேண்டும்.

கார்டு எதுவாக இருந்தாலும் செயலியே தடையாக நிற்கும் விளையாட்டுகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஸ்டெல்லாரிஸ் போன்ற பெரும் உத்தி விளையாட்டுகள், நூற்றுக்கணக்கானோர் ஒரே இடத்தில் கூடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகியவை அந்த வகை. நேரமெல்லாம் இவற்றிலேயே செல்லும் ஒருவருக்குக் கூடுதல் விலை நியாயமானதே. கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டை, படத் தரத்தைக் குறைத்து, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவருக்கும் அப்படியே. அங்கே கார்டின் வேலை மிகக் குறைவு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 4 மில்லிவினாடிதான் கெடு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 16.7 மில்லிவினாடி அவகாசம் இருக்கிறது. எட்டில் முடிந்ததா ஏழில் முடிந்ததா என்பது அங்கே கண்ணுக்கே எட்டாது.

இந்த வகையிலும் சோதனை எண்களை ஆராயாமல் ஏற்கக் கூடாது என்பதற்கு ஃபாக்டோரியோ நல்ல பாடம். ஆலைகள் கட்டும் அந்த விளையாட்டில், பட்டைகளும் பொருள் எடுத்து வைக்கும் இயந்திரக் கைகளும் ஆயிரக்கணக்கில் பெருகும். ஒவ்வொன்றின் நிலையையும் நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். பெரிய கேஷுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. நடுத்தர ஆலை ஒன்றை வேக வரம்பு இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் X3D செயலிகள் மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிடுகின்றன. ஆனால் உண்மையில் ஆடும்போது விளையாட்டு 60 புதுப்பித்தலுக்கு மேல் போகாது. அந்த அளவு ஆலையில் சாதாரணச் செயலியும் 60ஐ எளிதாகத் தொட்டுவிடும். வரைபடத்தில் கண்ட இடைவெளி ஆட்டத்தில் காணாமல் போகிறது. ஆலை மிகப் பெரிதாகி 60ஐத் தக்கவைப்பதே பாடாகும்போதுதான் வேகம் உண்மையில் தேவைப்படுகிறது. அப்போது ஆலையின் தரவு 96 மெகாபைட்டையும் தாண்டி வழிந்து ரேமுக்குப் போய்விடுகிறது, பெரிய கேஷின் முன்னிலையும் சுருங்குகிறது. பயன் அறவே இல்லை என்று ஆகாது. ஆனால் சோதனை காட்டிய அளவுக்கும் தேவைப்படும் நேரத்தில் கிடைக்கும் அளவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

தான் எந்த வகை என்பதை அறிய யாரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அதிகம் ஆடும் விளையாட்டைத் திறந்து, கூட்டம் மிகுந்த காட்சியில் நின்று ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720pக்குக் குறைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். ஃப்ரேம் வரம்பும் வி-சிங்க்கும் அணைந்திருப்பது அவசியம். எண் நன்றாக உயர்ந்தால் இதுவரை தடையாக இருந்தது கார்டு. எண் அசையாவிட்டால் தடை செயலி. செயலியின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தான் காட்டுகிறது, ஆகவே அது சும்மாதான் இருக்கிறது என்று நினைப்பது பலர் செய்யும் பிழை. பதினாறு இழைகள் கொண்ட செயலியில், விளையாட்டின் முதன்மை இழை ஒன்று முழுவதுமாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதம்தான். ரேமுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் இயங்குதளம் வேலை நேரமாகவே எண்ணிக் காட்டும். ஆகவே பயன்பாட்டுச் சதவீதத்தை நம்புவதைவிட ரெசல்யூஷன் சோதனையை நம்புவது நல்லது.

நடுத்தரக் கார்டும் 60 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வைத்து, புதிய கதை விளையாட்டுகளை உயர்ந்த தரத்தில் ஆடும் பெரும்பாலோருக்கு அந்தச் சோதனையில் எண் உயரவே செய்யும். அவர்களுக்கு 120 டாலர் என்பது, கார்டு எப்படியும் விழுங்கிவிடும் ஒன்றேகால் மில்லிவினாடிக்குக் கொடுக்கும் விலை. அது செயலிக்குள் மிச்சமாகும், திரைக்கு வந்து சேராது. 720pஇல் எண் அசையாமல் நிற்பதைக் காண்பவருக்கு மட்டும் அதே ஒன்றேகால் மில்லிவினாடி திரை வரை வந்து சேரும். அவர் எவ்வளவு விலையுயர்ந்த கார்டை வாங்கினாலும் அந்த நேரம் கிடைக்கப்போவதில்லை என்பதால், 96 மெகாபைட்டுக்கான விலையை அவர் தயங்காமல் கொடுக்கலாம்.